‘ஒரு வருஷம் பார்ப்போம்’ என்னும் தவறான தவணை

பைக்கிலிருந்து விழுந்து கை தொங்கிப்போனவர் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரே பதிலோடுதான் வீடு திரும்புகிறார். “நரம்புதானே, மெதுவாத்தான் வரும். பிசியோதெரபி பண்ணுங்க, மாத்திரை சாப்பிடுங்க. ஒரு வருஷம் பார்ப்போம், வரலைன்னா ஆபரேஷன் பத்தி யோசிக்கலாம்.” பக்கத்து வீட்டுக்காரரும் இதைச் சொல்கிறார், எலும்பு முறிவைச் சரிசெய்த மருத்துவரும் சொல்கிறார், கரண்ட் வைக்கும் பிசியோதெரபிஸ்டும் சொல்கிறார். எல்லோரும் நல்லெண்ணத்தில் சொல்வதால் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை.

இந்த ஆலோசனைக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதன் தரப்பை முழுதாகவே வைத்துவிடுகிறேன். இழுபட்ட நரம்புகளில் ஒரு பகுதி தானாகவே மீள்கிறது. மீண்டுகொண்டிருக்கும் நரம்பைத் திறந்து கைவைத்தால், வரவிருந்ததையும் கெடுத்துவிடலாம். நரம்பு மெதுவாகத்தான் வளரும் என்பதும் உண்மை. அறுவைச் சிகிச்சை செய்தாலும் பழைய கை அப்படியே திரும்புவதில்லை. குழந்தை பிறக்கும்போது தோள் சிக்கி நரம்பு இழுபட்ட பச்சிளங்குழந்தைகளில் பெரும்பாலோர் கத்தி படாமலே தேறுவதைப் பல மருத்துவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இவை அனைத்தும் சரி. ஆனால் இவற்றிலிருந்து ‘பன்னிரண்டு மாதம் பொறு’ என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்த முடிவு தவறு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. எந்த நரம்பு, எந்த இடத்தில், எப்படி?

‘நரம்பு அடிபட்டிருக்கு’ என்பது நோயின் பெயரே ஆகாது. கழுத்தின் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்கள் புறப்பட்டு, பிரிந்து, கலந்து, கைக்கு இறங்குகின்றன. சி5, சி6, சி7, சி8, டி1 என்பன அவற்றின் பெயர்கள். இந்தப் பின்னலைத்தான் பிரேக்கியல் பிளெக்சஸ் என்கிறோம். மேலே இருக்கும் சி5, சி6 இரண்டும் தோளைத் தூக்கவும் வெளிப்புறம் திருப்பவும் முழங்கையை மடக்கவும் வேண்டியவை. நடுவிலிருக்கும் சி7, முழங்கையையும் மணிக்கட்டையும் நிமிர்த்துவதில் பெரும்பங்கு வகிக்கிறது. கீழே இருக்கும் சி8, டி1 விரல்களுக்கு உரியவை.

விழுகிற விதம்தான் எந்த வேர் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. தோள் தரையில் மோதித் தலை எதிர்ப்பக்கம் ஒடிந்தால், கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலான கோணம் விரிந்து மேல் வேர்கள் முதலில் இழுபடுகின்றன. வேகம் கூடக்கூட அந்த இழுப்பு கீழே இறங்கி ஐந்தையும் எடுத்துக்கொள்கிறது. எதையோ பற்றிக்கொண்டு கை தலைக்கு மேலே இழுபட்டால் கீழ் வேர்கள் முதலில் போகும். பெரியவர்களிடம் இது அரிது.

இழுபட்ட வேருக்கும் மூன்று விதிகள் உண்டு. வெறுமனே அதிர்ந்து செயலிழந்திருக்கலாம், அப்படியானால் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். கழுத்தில் நார் நாராய் அறுந்திருக்கலாம், அப்படியானால் அறுந்த முனைகளுக்கு இடையே வேறு நரம்பை ஒட்டுப்போட்டுத்தான் இணைக்க முடியும். அல்லது தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கலாம், அதற்கு ஒட்டுப்போடவும் முனை கிடையாது. மேல் வேர்களை எலும்புத் துவாரத்தோடு கட்டிவைக்கும் நார்கள் உண்டு, அதனால் அவை அறுவதே அதிகம். கீழ் வேர்களுக்கு அந்தப் பிடி இல்லை, அதனால் பிடுங்கிக்கொண்டு வருகின்றன. லோசானில் பணியாற்றிய நாரக்காஸ் தன் நோயாளிகளைப் பார்த்து, எழுபது விழுக்காடுகளின் தொடர் ஒன்றைச் சொல்லிவைத்தார். காறை எலும்புக்கு மேலே பின்னலில் அடிபட்டவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு வேராவது பிடுங்கப்பட்டிருக்கும் என்பது அதிலொன்று.

முதல் வகைக்குக் காத்திருப்பது சரி. இரண்டாவது வகைக்குக் காத்திருப்பது நஷ்டம். மூன்றாவது வகைக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே சொல்ல முடியாது. மூவருக்கும் ஒரே தவணை கொடுக்கும் ஆலோசனை, நோயாளி யார் என்று பார்க்காமலே எழுதிய சீட்டு.

2. “விரல் ஆடுது பாருங்க, வந்துரும்”

இந்த ஒரு வாக்கியம் கெடுத்த கைகள் எத்தனையோ. விபத்துக்கு இரண்டு வாரம் கழித்து மயக்கமும் வலியும் தெளிந்தபின், கை தொங்கினாலும் விரல்கள் மூடித் திறப்பதை வீட்டார் பார்க்கிறார்கள். நம்பிக்கை பிறக்கிறது. விரல் வந்துவிட்டது, அடுத்து முழங்கை வரும், பிறகு தோள் வரும் என்று வரிசையும் போட்டுவிடுகிறார்கள். அந்த வரிசை தலைகீழ். நரம்பு கழுத்திலிருந்து கீழ்நோக்கி வளர்வதால், மீட்சி வந்தால் தோளில் தொடங்கி விரலில்தான் முடிய வேண்டும். விரல் முதலில் ஆடுகிறது என்றால் விரலுக்கு உரிய சி8, டி1 வேர்கள் தொடக்கத்திலிருந்தே அடிபடவில்லை என்று பொருள். அது தேறுவதற்கான அறிகுறி ஆகாது. சி5, சி6 போயிருக்கிறது என்று சொல்லும் வரைபடம்தான் அது.

தோளும் ஏமாற்றும். காதுப்பக்கம் தோளைக் குலுக்கும் தசைக்கு இந்தப் பின்னலிலிருந்து நரம்பு வருவதில்லை. மூளைக்கு அடியிலிருந்து தனியாக வரும் நரம்பு அதை இயக்குகிறது. அதனால் கை போனவரும் தோளைக் குலுக்க முடியும், கூடவே கையும் சற்று விலகும். ‘தோள் தூக்குறான்’ என்று மகிழ்கிறார்கள். முழங்கையும் அப்படியே. முன்கைத் தசைகள் வலுவாக இருப்பவர், கையை வீசிவிட்டு உள்ளங்கை கீழ்நோக்கியபடி முழங்கையைச் சிறிது மடக்கிக் காட்டுவார். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, வீச்சு இல்லாமல் மெதுவாக மடக்கச் சொல்லி, இன்னொரு கையால் முண்டாத் தசையைத் தொட்டுப் பாருங்கள். அது கெட்டிப்படவில்லை என்றால் பைசெப்ஸ் வரவில்லை. இந்தச் சோதனைக்கு எந்திரமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

கரண்ட் வைத்தால் தசை துடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். நரம்பு அறுந்த தசையும் நீண்ட துடிப்புள்ள மின்சாரத்துக்கு நேரடியாகச் சுருங்கும். நரம்பு வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சியே அல்ல. பிசியோதெரபி மூட்டுகள் இறுகாமல் காக்கிறது, அந்த வேலையை வேறெதுவும் செய்யாது. அறுந்த நரம்பை அது ஒட்டாது. நரம்புச் சத்து மாத்திரையும் ஒட்டாது.

3. தசை காத்திருக்காது, கணக்கைப் போட்டுப் பாருங்கள்

எதிர்த்தரப்பு சொல்லும் ‘நரம்பு மெதுவா வளரும்’ என்பதைத்தான் நான் இங்கே அவர்களுக்கு எதிராக வைக்கிறேன். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் வளர்கிறது. மறுபக்கம், நரம்பு வராத தசை நாளுக்கு நாள் மெலிகிறது. நரம்பு வந்து தொடும் முனைத்தகடுகள் அழிகின்றன, தசைநார் இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்கின்றன. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதத்துக்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் அங்கே இயக்குவதற்குத் தசை மிச்சமிருக்காது. நரம்பின் வேகத்தை நாம் கூட்ட முடியாது. தசையின் ஆயுளையும் நீட்ட முடியாது. நம் கையிலிருப்பது புறப்படும் நாள் மட்டுமே.

ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். வயது 25, இடது தோள் தரையில் மோத விழுந்தவர். தோளைத் தூக்க முடியவில்லை, முழங்கையை மடக்க முடியவில்லை. முழங்கையை நீட்ட முடிகிறது, மணிக்கட்டு நிமிர்கிறது, விரல்கள் நன்றாகப் பிடிக்கின்றன. தோளின் வெளிப்புறத்திலும் கட்டைவிரல் பக்கத்திலும் உணர்ச்சி இல்லை. படித்த எவரும் சி5, சி6 என்று சொல்லிவிடலாம். கழுத்தில் அறுந்த இடத்திலிருந்து பைசெப்ஸுக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். தையலைத் தாண்டிச் செல்லப் பிடிக்கும் தாமதத்தையும் சேர்த்தால் ஒன்பது மாதம் ஆகும். நாலாவது மாதத்தில் கழுத்தில் ஒட்டுப்போட்டால் பதின்மூன்றாவது மாதத்தில் நரம்பு தசையைத் தொடும். அப்போது தசை உயிரோடிருக்கும். ‘ஒரு வருஷம் பார்ப்போம்’ என்று பன்னிரண்டாவது மாதத்தில் செய்தால் இருபத்தோராவது மாதத்தில் தொடும், அதற்குள் தசை போயிருக்கும். அறுவைச் சிகிச்சை அதேதான், மருத்துவரும் அதே ஆள்தான், முடிவு மட்டும் வேறு.

‘இப்போதெல்லாம் கழுத்தில் போடாமல் கையிலேயே நரம்பை மாற்றி இணைக்கிறார்களே’ என்று விவரமறிந்தவர் கேட்பார். நல்ல கேள்வி. 1994-ல் பாரிஸின் கிறிஸ்டோஃப் ஓபர்லின் அறிவித்த வழி அது. மேற்கையின் உள்பக்கத்தில் ஓடும் அல்னார் நரம்பு பல இழைக்கட்டுகளால் ஆனது. மணிக்கட்டை மடக்கும் இழைக்கட்டு ஒன்றைச் சிறு மின்தூண்டலால் கண்டுபிடித்து, அதை அறுத்து, பக்கத்திலேயே இருக்கும் பைசெப்ஸ் கிளையோடு மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைக்கிறார்கள். தூரம் சில சென்டிமீட்டர்தான், அதனால் மூன்று நான்கு மாதத்தில் முதல் துடிப்பு தெரியும். தொடக்கத்தில் நோயாளி மணிக்கட்டை மடக்க நினைத்தால் முழங்கை மடங்கும், பிறகு மூளை பழகிக்கொள்ளும். சுண்டுவிரலில் சில வாரம் மதமதப்பு இருக்கலாம், பிடி குறைவதில்லை. தோளுக்கு, குலுக்கும் தசையின் நரம்பை மேல் தோள்பட்டை நரம்போடு இணைக்கிறார்கள். டிரைசெப்ஸின் ஒரு கிளையைத் தோள்தசையின் நரம்போடு இணைக்கும் வழியை 2003-ல் தாய்லாந்தின் சோம்சாக் லீச்சவெங்வோங்ஸ் குழு அறிவித்தது. நம் இளைஞருக்கு இந்த மூன்றும் பொருந்தும். வீட்டார் ‘விரல் ஆடுது, பொறுப்போம்’ என்று எந்த நல்ல விரல்களைக் காட்டினார்களோ, அந்த விரல்களின் நரம்புதான் முழங்கைக்குக் கடன் கொடுக்கப்போகிறது.

தூரம் குறைந்ததால் தாமதத்துக்கு உரிமம் கிடைத்துவிட்டதா? சில மாத அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான். பன்னிரண்டாவது மாதத்தில் மாற்று இணைப்பு செய்தாலும் நரம்பு போய்ச் சேருவது பதினைந்தில். அங்கே காத்திருப்பது ஒரு வருடத்துக்கு மேல் பட்டினி கிடந்த தசை. ஆறு மாதத்துக்குள் செய்ததன் பலனை அதிலே எதிர்பார்க்க முடியாது.

4. ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்

எல்லா ஆலோசனைகளும் கடைசியில் ஒரு தாளைக் காட்டும். முதல் தாள், விபத்து நடந்த வாரமே எடுத்த நரம்பு டெஸ்ட். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி மடிய மூன்று வாரம் வரை ஆகும், அதற்கு முன் எடுத்த ஈ.எம்.ஜி. நம்மை ஏமாற்றும். மூன்று, நான்கு வாரத்துக்குப் பின் எடுப்பதே பயன்படும். கழுத்து எம்.ஆர்.ஐ.யையும் அந்தச் சமயத்தில் எடுத்தால்தான் ரத்தக்கசிவு அடங்கி, பிடுங்கிய வேரின் இடத்தில் நீர்ப்பை போல் தெரிவதைக் காணலாம். அதுவும் நூறு விழுக்காடு நம்பத்தக்கதல்ல. நீர்ப்பை இல்லாமலும் வேர் போயிருக்கலாம்.

இரண்டாவது தாள் இன்னும் ஆபத்தானது. கை முழுக்க மரத்துப்போயிருக்கும், ஆனால் உணர்ச்சி நரம்புக்கான டெஸ்ட் ‘நார்மல்’ என்று வரும். “நரம்பு நல்லாத்தான் இருக்கு, கவலைப்படாதீங்க” என்கிறார்கள். உண்மையில் இதைவிட மோசமான செய்தி கிடையாது. உணர்ச்சி நரம்பின் உயிரணுக்கள் தண்டுவடத்துக்கு வெளியே, சிறு முடிச்சு ஒன்றில் இருக்கின்றன. வேர் அந்த முடிச்சுக்கு உட்புறம் பிடுங்கப்பட்டால், முடிச்சிலிருந்து விரல்வரை நரம்பு உயிரோடிருக்கும், மின்சாரத்தைக் கடத்தும். மேலே மூளைக்குச் சொல்ல வழி மட்டும் இருக்காது. ஆகவே, தொட்டால் தெரியாத கையில் உணர்ச்சி டெஸ்ட் நன்றாக வந்தால் வேர் பிடுங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆறுதல் சொல்லி அனுப்பிய அந்தத் தாள்தான், உடனே அறுவைச் சிகிச்சையாளரிடம் அனுப்பியிருக்க வேண்டிய தாள்.

5. முழுக் கையும் போனவருக்கு என்ன தவணை?

தோளிலிருந்து விரல்வரை எதுவும் அசையவில்லை என்றால், ‘முதலில் கொஞ்சமாவது வரட்டும்’ என்று இன்னும் நீளமாகக் காத்திருக்கச் சொல்கிறார்கள். நியாயப்படி பார்த்தால் இவருக்குத்தான் அவசரம் அதிகம். மரத்த கையில் தீயாய் எரியும் வலி, அதே பக்கத்துக் கண்ணிமை இறங்கிப் பாப்பா சுருங்கியிருத்தல், தோள்பட்டை எலும்பு சிறகுபோல் புடைத்தல், எக்ஸ்ரேயில் அந்தப் பக்கத்து உதரவிதானம் உயர்ந்து நிற்றல் ஆகியவை வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருப்பதைக் காட்டும் அடையாளங்கள். கண்ணிமை அடையாளம் டி1 வேருக்கு உரியது. அதை ஹார்னர் என்பார்கள், வார்டில் நின்றபடியே கண்டுகொள்ளலாம். இவை தெரிந்தபின் தானாக வரும் என்று எதிர்பார்க்க எதுவுமில்லை. மற்றக் காயங்கள் அனுமதித்தால் முதல் மூன்று மாதத்துக்குள் திட்டமிட வேண்டும்.

இங்கேயும் கணக்கு உதவுகிறது, கசப்பாகத்தான். கழுத்திலிருந்து உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். விபத்தன்றே இணைத்தாலும் நரம்பு போய்ச் சேர இரண்டு வருடம். பெரியவர்களுக்கு அந்தச் சிறு தசைகள் திரும்புவதில்லை. பல குடும்பங்கள் விரலுக்காகவே காத்திருந்து முழங்கையையும் இழக்கின்றன. முழங்கையை மடக்குவதுதான் இங்கே முதல் இலக்கு, அடுத்தது தோள் நிலைத்து நிற்பது. விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளைப் பைசெப்ஸுக்குக் கொண்டுவந்து நேராகத் தைக்கும் வழியில், வெளியான பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பத்தில் ஏழு பேர் அளவுக்குப் புவியீர்ப்பை எதிர்த்து முழங்கையை மடக்கினார்கள். ஷாங்காயின் கு யூதோங் 1986-லேயே எதிர்க்கையின் சி7 வேரைக் கடன் வாங்கினார். வழிகள் இல்லாமல் இல்லை. எல்லாமே தசை உயிரோடிருக்கும்போது மட்டும் செல்லுபடியாகும் வழிகள்.

6. “லேட்டானாலும் வழி இருக்கே”

இருக்கிறது. தொடையின் உட்புறத்திலிருந்து கிராசிலிஸ் தசையை அதன் ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து, கையில் வைத்து, குழாய்களை இணைத்து, விலா நரம்புகளோடு தைக்கலாம். அது பட்டினி கிடக்காத புதுத் தசை, அதனால் பழைய கெடு அதற்குப் பொருந்தாது. ஜப்பானின் கசுதெரு தோய் இப்படி இரண்டு தசைகளை வைத்து முழுக்கை போனவருக்குப் பிடிப்பும் கொடுத்தார். ஆனால் இது நீண்ட அறுவைச் சிகிச்சை, ரத்தக்குழாய் அடைத்தால் தசையே போய்விடும், ஒரு தசைக்குப் பெரும்பாலும் ஒரே அசைவுதான் கிடைக்கும். நாலாவது மாதத்தில் மேற்கையில் ஒரு சிறு கீறலில் முடிந்திருக்க வேண்டியதைப் பதினெட்டாவது மாதத்தில் தொடையை வெட்டிச் செய்வதை மாற்று வழி என்று பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘ஆபரேஷன் செஞ்சாலும் பழைய கை வராது’ என்ற வாதத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். ஆம், வராது. தட்டைப் பிடிக்கவும், சட்டைப் பொத்தான் போட மறுகைக்குத் துணை நிற்கவும் முழங்கை மடங்கினால் போதும்.

எங்கே காத்திருப்பது சரி என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் ஒரே தவணைக்காரன் ஆவேன். தோள் மூட்டு விலகியதால் வரும், காறை எலும்புக்குக் கீழான காயங்கள் தாமாகத் தேறும் வாய்ப்பு அதிகம். துப்பாக்கிக் காயங்களும் பெரும்பாலும் அப்படியே. அரிவாளோ கண்ணாடியோ வெட்டிய காயத்துக்கு இதற்கு நேரெதிர் விதி: சில நாட்களுக்குள் திறந்து நேராகத் தைக்க வேண்டும். பச்சிளங்குழந்தைகளுக்கு வேறு கணக்கு. பைக் விபத்தில் பெரியவர்களுக்கு வரும் இழுப்புக் காயத்துக்கு, முழுக்கையும் போகாதவரை, முதல் மூன்று மாதக் காத்திருப்பை நானும் ஏற்கிறேன். ஆனால் அதைச் சும்மா இருப்பதாக எண்ணக் கூடாது. மாதம் ஒரு முறை ஒவ்வொரு தசையின் வலுவையும் 0 முதல் 5 வரை எண்ணால் எழுத வேண்டும். காறை எலும்புக்கு மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தால், கைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எழும் இடம் மாதாமாதம் கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் நரம்பு வருகிறது, இன்னும் சற்றுப் பொறுக்கலாம். மூன்றாவது மாத முடிவில் பைசெப்ஸ் பூச்சியத்திலேயே நின்றால் பேச்சு முடிந்தது. தேதி குறிக்க வேண்டும், ஆறாவது மாதத்துக்கு முன்.

எலும்பு முறிவுக்குத் தகடு வைத்து, தலைக்காயத்துக்கு ஐ.சி.யு.வில் வைத்து, இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளின் டிஸ்சார்ஜ் தாளில் கை பற்றி ஒரு வரியும் இல்லாமல் போவது சாதாரணம். காறை எலும்பு சேர்ந்தால் கையும் வந்துவிடும் என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு மாதமும் தசையின் கெடுவில்தான் கழிகிறது. அந்தத் தாளில் விபத்து நடந்த தேதி, அசையாத தசைகளின் பட்டியல், கண்ணிமை இறங்கியிருக்கிறதா என்பது, மூன்றாவது மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது ஆகிய நான்கு வரிகள் இருந்தாலே, பதினோராவது மாதத்தில் வருகிற பாதிப் பேர் நாலாவது மாதத்தில் வந்திருப்பார்கள்.